நான் பிழை போட்ட ஒரு சரியான விடை

இரண்டாம் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒரு மாணவன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றான். தரம் 11. பின்வாங்கில் உட்காருபவன், அதிகம் பேசாதவன். தாளை நீட்டி, "சேர், இது ஏன் பிழை?" என்று கேட்டான்.

கேள்வி சின்னது. ஒரு வேன் கிடையான பாதையில் வேகம் கூட்டிக்கொண்டு போகிறது, என்ஜின் பின்சில்லுகளைச் சுற்றுகிறது. முன்சில்லிலும் பின்சில்லிலும் பாதை கொடுக்கும் உராய்வு விசை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடவேண்டும். இவன் இரண்டு சில்லிலும் அம்பை முன்னுக்குப் போட்டிருந்தான். நான் இரண்டிலும் சிவப்புப் பேனையால் குறுக்கே கீறி, பக்கத்தில் "உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்" என்று எழுதி, பூச்சியம் போட்டிருந்தேன். இரவு பதினொரு மணிக்கு, நாற்பதாவது தாளோ ஐம்பதாவது தாளோ, கையே தானாகக் கீறியிருக்கிறது.

"உராய்வு இயக்கத்துக்கு எதிர்ப் பக்கம்தானே மகன்?" என்றேன்.

"அப்படியெண்டா வேனை முன்னுக்குத் தள்ளுறது என்ன சேர்?"

"என்ஜின்."

"என்ஜின் வேனுக்கு உள்ளதானே சேர் இருக்கு."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பேரூந்துக்குள் இருந்துகொண்டு முன் சீற்றைத் தள்ளினால் பேரூந்து ஓடாது என்று நானே அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு முன் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பொருளின் உள்ளே இருக்கிற எதுவும் அந்தப் பொருளைத் தள்ளி ஆர்முடுக்க முடியாது, வெளியில் இருந்து ஒரு விசை வரவேண்டும். வேனுக்கு வெளியே என்ன இருக்கிறது? காற்று இருக்கிறது, அது பின்னுக்குத்தான் தள்ளும். புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கிறது. மிச்சம் இருப்பது பாதை மட்டும்தான். பாதை வேனைத் தொடுகிற இடமோ நாலு டயரின் அடியில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. ஆக, வேனை முன்னுக்குத் தள்ளுவது அந்த இடத்து உராய்வாகத்தான் இருக்கவேண்டும். வேறு ஆளே இல்லை.

"நாளைக்குப் பார்ப்பம் மகன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த வசனம் அது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கல்வியியற் கல்லூரியில் இதை நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் சரியாக எழுதியும் இருக்கிறேன். பிறகு எங்கே பிழைத்தது? அந்த ஒற்றை வசனத்தில்தான் பிழைத்தது. "உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்." மேசையில் புத்தகத்தைத் தள்ளும்போது அது உண்மை, தரையில் அரிசி மூட்டையை இழுக்கும்போதும் உண்மை. அந்த இரண்டு உதாரணத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி, வசனம் சுருங்கி, எனக்கே மனப்பாடமாகிவிட்டது. முழு வசனம் வேறு: ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மேற்பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதை அல்லது வழுக்கப் பார்ப்பதை உராய்வு எதிர்க்கும். அதாவது எதிர்க்கப்படுவது வழுக்கல். பொருள் எந்தப் பக்கம் போகிறது என்பது உராய்வுக்கு ஒரு பொருட்டே இல்லை.

லொறியில் அடுக்கிய மூட்டைகளை நினைத்துப் பாருங்கள். லொறி புறப்படும்போது மூட்டையும் சேர்ந்து முன்னுக்குப் போகிறது. அதை யார் கொண்டுபோனது? மூட்டைக்கும் தட்டுக்கும் இடையில் உள்ள உராய்வு. மூட்டை பின்னுக்கு வழுக்கப் பார்க்கிறது, உராய்வு அதை முன்னுக்குப் பிடித்துக்கொண்டு போகிறது.

இனி சில்லுக்கு வருவோம். வேன் முன்னுக்குப் போகிறது, ஆனால் பின்சில்லின் அடிப்பக்கம் என்ன செய்யப் பார்க்கிறது? சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லை நிலத்தில் முட்டாமல் வைத்து மிதித்துப் பார்த்தால் தெரியும். சில்லின் மேற்பக்கம் முன்னுக்கு ஓடும், அடிப்பக்கம் பின்னுக்கு ஓடும். அதே சில்லை நிலத்தில் வைத்தால், என்ஜின் அந்த அடிப்பக்கத்தைப் பின்னுக்கு வழுக்கப் பார்க்கிறது. டயர் பாதையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, பாதை டயரை முன்னுக்குத் தள்ளுகிறது. நியூற்றனின் மூன்றாம் விதி இது. நாம் நடக்கும்போதும் இதுதான் நடக்கிறது, காலால் நிலத்தைப் பின்னுக்கு உதைக்கிறோம். களப்பில் கம்பு ஊன்றித் தோணி தள்ளுகிறவரும் இதைத்தான் செய்கிறார், கம்பைப் பின்னுக்கு அழுத்துகிறார், தோணி முன்னுக்குப் போகிறது. தோணிக்காரரைப் பார்க்கும்போது எல்லாருக்கும் விளங்குகிறது. சில்லு வட்டமாக இருப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது.

அடுத்த நாள் வகுப்புக்கு என் மகனின் பற்றரிக் காரைக் கொண்டுபோனேன். அவன் அழுதான், அது வேறு கதை. மேசையில் ஆறு உருண்டைப் பென்சில்களைச் சமாந்தரமாக அடுக்கி, அதன்மேல் ஒரு நீளமான காட்போட் மட்டையை வைத்து, மட்டையின்மேல் காரை வைத்து ஆளியைப் போட்டேன். மேசையில் பாதை என்பது அசையாது, அது பூமியோடு ஒட்டியிருக்கிறது, அதனால் பாதை பின்னுக்குத் தள்ளப்படுவது நமக்குத் தெரிவதில்லை. பென்சிலின்மேல் கிடக்கிற மட்டைக்கு அந்தப் பிடிப்பு இல்லை. கார் முன்னுக்குப் போக, மட்டை பின்னுக்குப் பறந்து முன்வாங்குப் பிள்ளையின் மடியில் விழுந்தது. (கோணலான பென்சில் என்றால் வேலை செய்யாது, மூலை உள்ளதையும் பாவிக்கவேண்டாம். முதல் தடவை அப்படித்தான் சொதப்பியது.)

மட்டை பின்னுக்குப் போனது என்றால், காரின் சில்லு மட்டைக்குக் கொடுத்த விசை பின்னுக்கு. அப்படியென்றால் மட்டை காருக்குக் கொடுத்த விசை முன்னுக்கு. கரும்பலகையில் பின்சில்லுக்கு அம்பை முன்னுக்குப் போட்டுவிட்டு, "இவர் போட்டது சரி, நான் போட்டது பிழை" என்று சொன்னேன். வகுப்பு கைதட்டியது. எனக்குத் தட்டினார்களா அவனுக்கா என்று கேட்கவில்லை.

ஆனால் அவனுக்கு முழுப் புள்ளி கொடுக்கவில்லை. முன்சில்லிலும் அம்பை முன்னுக்குப் போட்டிருந்தானே, அது பிழை. அந்த வேனில் முன்சில்லை என்ஜின் சுற்றவில்லை, அது சும்மா உருளுகிறது. வேன் வேகம் கூடக்கூட அந்தச் சில்லும் வேகமாகச் சுற்றவேண்டும், அதைச் சுற்றிவிடுவது யார்? பாதைதான். அடிப்பக்கத்தைப் பாதை பின்னுக்கு இழுத்தால்தான் சில்லு முன்னோக்கி வேகமாகச் சுழலும். ஆகவே அங்கே அம்பு பின்னுக்கு. அது மிகச் சின்ன அம்பு, ஒரு வேனில் சில பத்து நியூற்றன் இருக்கும். முன்சில்லை என்ஜின் இழுக்கிற கார் என்றால் இரண்டு அம்பும் மாறிவிடும். இன்று ஓடுகிற சின்னக் கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான், எந்தச் சில்லை என்ஜின் சுற்றுகிறது என்று கேள்வியில் சொல்லாவிட்டால் விடையே இல்லை.

இரண்டில் ஒன்று சரி. அவன் ஒத்துக்கொண்டான், ஆனால் முகம் தெளியவில்லை. "அப்ப எவ்வளவு விசை சேர்?" என்றான்.

அதைச் செய்து பார்த்தோம். ஆட்களோடு சேர்த்து வேனின் திணிவு 1500 கிலோகிராம் என்று வைத்தோம். நின்ற இடத்திலிருந்து 5 செக்கனில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்துக்கு வருகிறது, அதாவது செக்கனுக்கு 10 மீற்றர். ஆர்முடுகல் 2. திணிவால் பெருக்கினால் 3000 நியூற்றன். காற்றையும் முன்சில்லையும் விட்டுவிட்டால், அந்த 3000 நியூற்றனும் இரண்டு பின் டயரின் அடியில் இருந்து வருகிறது. சீமெந்துப் பை ஆறு தூக்குவதற்குச் சமனான விசை, இரண்டு உள்ளங்கை அகல இறப்பரின் வழியாக.

இங்கே பிள்ளைகள் எப்போதும் விடுகிற ஒரு பிழை உண்டு. உராய்வு என்றவுடன் குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தால் பெருக்கிவிடுவார்கள். வேனின் நிறை 15,000 நியூற்றன், அதில் பாதி பின்சில்லில் என்றால் 7500. காய்ந்த தார்ப் பாதையில் குணகம் 0.8 அளவில் இருக்கும். பெருக்கினால் 6000 வருகிறது. அது இப்போது இருக்கிற உராய்வு இல்லை, இருக்கக்கூடிய ஆகக்கூடிய உராய்வு, எல்லை உராய்வு. வங்கியில் 6000 ரூபாய் இருக்கிறது என்பதற்காக 6000 ரூபாய்க்கும் சாமான் வாங்கினோம் என்று ஆகாது. இப்போது தேவைப்பட்டது 3000, அவ்வளவுதான் எடுக்கப்பட்டது. சாரதி அக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த எடுக்கிற அளவு கூடும். 6000-ஐத் தாண்டிக் கேட்டால் பாதை கொடுக்காது, டயர் வழுக்கத் தொடங்கும், கீச்சென்று சத்தம் வரும், இறப்பர் மணக்கும். வழுக்கத் தொடங்கியதும் உராய்வு முன்பு இருந்ததைவிடக் குறைந்தும் போகிறது.

வழுக்காத டயரைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும், அது எனக்கே ஒவ்வொரு முறையும் ஆச்சரியம். வேன் மணிக்கு 60-ல் போகும்போதும், டயரில் பாதையைத் தொட்டுக்கொண்டிருக்கிற அந்தத் துண்டு அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. வைத்த கால் மாதிரி. பிறகு தூக்கப்படுகிறது, அடுத்த துண்டு வைக்கப்படுகிறது. அதனால்தான் ஈர மண்ணில் டயரின் பூ அப்படியே அச்சுப் பதிந்து கிடக்கிறது. வழுக்கியிருந்தால் அச்சு இழுபட்டு அழிந்திருக்கும். அசையாத இடத்தில் பிடித்துத் தள்ளுவதால் பாதை வேனுக்கு விசையைக் கொடுக்கிறது, சக்தியைக் கொடுப்பதில்லை. சக்தி முழுக்க டீசலில் இருந்துதான். "பாதை தள்ளுகிறது என்றால் டீசல் எதுக்கு?" என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு சேர் பகிடியாகக் கேட்டார். சுவரில் கையை ஊன்றித் தள்ளி நாம் பின்னுக்குப் போகும்போது, சுவர் நமக்கு விசை தருகிறது, சாப்பாடு தருவதில்லை என்று சொன்னேன்.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் போன மாரியில் நடந்த ஒரு சம்பவம். இந்தப் பொடியனின் வாப்பா பள்ளிக்கூட வேன் ஓடுகிறவர். மூன்று நாள் விடாத மழை, நாலாம் நாள் பள்ளி விடும் நேரம் அவருடைய வேன் வாசலுக்குப் பக்கத்தில் சிக்கிவிட்டது. வலது பின்சில்லு கொங்கிறீற்றில், இடது பின்சில்லு சேற்றுக் குழியில். அவர் அக்ஸிலரேட்டரை அழுத்த, இடதுசில்லு மட்டும் விர்ரென்று சுற்றிச் சேற்றைப் பின்னால் நின்ற பிள்ளைகளின் வெள்ளை உடுப்பில் அடித்தது. வலதுசில்லு காய்ந்த கொங்கிறீற்றில் அசையாமல் நின்றது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும், "இன்னும் ரேஸ் பண்ணுங்க காக்கா" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன்.

அன்று விளங்காத கணக்கு இப்போது விளங்குகிறது. பின் அச்சின் நடுவில் டிஃபரென்ஷியல் என்ற பற்சில்லுப் பெட்டி இருக்கிறது. வளைவில் வெளிச்சில்லு கூடத் தூரம் ஓடவேண்டும் என்பதற்காக வைத்தது. அது இரண்டு சில்லையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடும், ஆனால் முறுக்கத்தை ஏறத்தாழச் சமனாகத்தான் பங்கிடும். ஒரு சில்லுக்குப் பிடிப்பு இல்லையென்றால் மற்றதற்கும் அதே குறைந்த அளவுதான் போகும்.

ஒரு பின்சில்லின்மேல் 3750 நியூற்றன். சேற்றின் குணகத்தை 0.2 என்று வைத்தால் இடதுசில்லுக்குப் பாதை கொடுக்கக்கூடியது 750. கொங்கிறீற்று 3000 கொடுக்கத் தயாராக இருந்தும் வலதுசில்லுக்கும் 750 தான். மொத்தம் 1500. குழியில் இருந்து ஏற 2000 வேண்டுமென்றால் வேன் அசையாது. என்ஜினை எவ்வளவு கத்தவைத்தாலும் அந்த 1500 கூடாது, சில்லு வேகமாகச் சுற்றுவதால் உராய்வு கூடுவதில்லை. குழிதான் ஆழமாகும். (சேறு உண்மையில் இப்படி ஒழுங்கான கணக்குக்கு அடங்காது, டயர் புதையும், சேறு பூவில் அடைத்துக்கொள்ளும். ஆனால் எது எதைத் தடுக்கிறது என்பது இந்தக் கணக்கில் தெரியும்.)

கடைசியில் வேனை எடுத்தது, எதிரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவர் இரண்டு வெறுஞ் சாக்குகளைக் கொண்டுவந்து மடித்து இடதுசில்லுக்கு முன்னால் செருகினார். பின்னால் நின்ற பிள்ளைகளை விலக்கினார். "ரெண்டாம் கியரில போட்டு, கிளச்சை மெதுவா விடுங்க தம்பி, ரேஸ் பண்ணாதீங்க" என்றார். வேன் சத்தமில்லாமல் ஏறி வந்தது.

சாக்கின்மேல் குணகம் 0.5 என்று வைத்துப் பாருங்கள். இடதுசில்லுக்கு 1875, வலதுசில்லுக்கும் அதே 1875, மொத்தம் 3750. தேவை 2000. சாக்கு வைத்தது ஒரு சில்லுக்கு, கூடியது இரண்டு சில்லுக்கும். இரண்டாம் கியர் ஏன் என்றால், முதல் கியரில் சில்லுக்குப் போகிற முறுக்கம் கூடுதல், கால் கொஞ்சம் பிசகினாலும் எல்லை தாண்டி வழுக்கிவிடும். பிள்ளைகளை ஏன் விலக்கினார் என்பதும் அம்புக்குறியில் இருக்கிறது. டயர் பாதையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, பாதை அசையாவிட்டால் வேன் முன்னுக்குப் போகும். சாக்கு பாதையோடு ஒட்டாமல் வழுக்கினால், என் வகுப்பு மட்டை மாதிரி அது பின்னுக்குப் பறக்கும். சாக்குக்குப் பதிலாகப் பலகையோ கல்லோ வைத்தால் அது காலை உடைக்கும். வேன் சிக்கினால் தயவுசெய்து சில்லுக்கு நேர் பின்னால் நின்று தள்ளவேண்டாம், பக்கமாக நில்லுங்கள்.

பின்னால் நாலு பேர் ஏறிக் குந்தினால் பாரம் கூடிப் பிடிப்பும் கூடுமே என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். கூடும், பின்சில்லு இழுக்கிற வாகனம் என்றால். 50 கிலோ பிள்ளைகள் நாலு பேர் சரியாகப் பின் அச்சின்மேல் இருந்தால் ஒவ்வொரு சில்லுக்கும் 1000 நியூற்றன் கூடுகிறது. சேற்றுச் சில்லின் பிடிப்பு 750-ல் இருந்து 950 ஆகும், மொத்தம் 1900. ஏற்றவேண்டிய பாரமும் கூடிவிடுகிறது என்பதால் 2000-க்கு எட்டாது, சாக்குதான் நல்லது. முன்சில்லு இழுக்கிற காரில் பின் சீற்றில் ஆட்களை ஏற்றினால் ஒரு பிரயோசனமும் இல்லை.

தாளில் புள்ளியைத் திருத்திக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அந்தக் கேள்வியில் அதே பிழையை வேறு எத்தனை தாளில் விட்டேன் என்று எல்லாத் தாளையும் திரும்ப வாங்கிப் பார்த்தேன். பதினொரு பேர் பின்சில்லுக்கு அம்பை முன்னுக்குப் போட்டிருந்தார்கள். பதினொரு பேருக்கும் நான் பிழை போட்டிருந்தேன். கேட்டது ஒருவன் மட்டும். மிச்சப் பேரின் வீட்டுக்காரர்கள் இதை வாசிப்பீர்கள் என்றுதான் இங்கே எழுதுகிறேன். தாளைத் திங்கட்கிழமை கொடுத்துவிடுங்கள், புள்ளியைத் திருத்தித் தருகிறேன்.

பொடியன் போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். "சேர், பிரேக் பிடிச்சா?"

"நீயே போட்டுட்டு வா மகன். நாலு சில்லுக்கும்."

அடுத்த நாள் போட்டுக்கொண்டு வந்தான். நாலு அம்பும் பின்னுக்கு, முன்சில்லில் நீளமாக, பின்சில்லில் கட்டையாக. பிரேக் பிடிக்கும்போது வேனின் பாரம் முன்னுக்குச் சாய்வதைப் பற்றி நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏன் முன்னால் நீளம் என்று கேட்டேன்.

"வாப்பா பிரேக் பிடிச்சா மூக்கு கீழ போகும் சேர்" என்றான்.